மேளம் கேட்டது, படம் நின்றது

முகூர்த்தம் முடிந்து அட்சதை விழுந்துகொண்டிருந்த நேரம். மணப்பெண்ணின் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மேசைக்கு ஓடி வந்தான். "அண்ணா, டொராண்டோவுல இருந்து அத்தை போன் பண்ணுறாங்க. கெட்டிமேளம் நல்லாக் கேட்டுச்சாம். படம் மட்டும் அப்படியே நின்னுபோச்சாம். தாலி கட்டினதையே பார்க்கலையாம்."

என் மடிக்கணினித் திரையின் அடிப்பகுதியைப் பார்த்தேன். யூடியூபுக்குப் படத்தை அனுப்பிக்கொண்டிருந்த ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற மென்பொருள், தவறிய ஃபிரேம்கள் 0.6 சதவீதம் என்று காட்டியது. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. "இங்க எல்லாம் சரியாத்தான் போகுது தம்பி. அத்தை வீட்டு இன்டர்நெட்டா இருக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். நான் சொன்னது தவறு. அத்தையின் புகாரிலேயே பிழை எங்கே என்பதற்கான விடை இருந்தது. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

இன்று கல்யாணம், கும்பாபிஷேகம், பள்ளி ஆண்டுவிழா என்று எல்லாவற்றுக்கும் நேரலை உண்டு. வீட்டுப் பிள்ளைகளே ஒரு கேமராவையும் மடிக்கணினியையும் வைத்து நடத்திவிடுகிறார்கள். ஓபிஎஸ் இலவசம், யூடியூபும் இலவசம். தொடங்குவது எளிது. நடுவில் மஞ்சளும் சிவப்புமாக வரும் எச்சரிக்கைகளுக்கு என்ன பொருள் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அன்று நானும் தடுமாறினேன்.

முதலில் மடிக்கணினி செய்யும் வேலையைப் பார்ப்போம். கேமரா நொடிக்கு 30 படங்களைத் தருகிறது. ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். அப்படியே அனுப்பினால் எந்த இணைய இணைப்பும் தாங்காது. அதனால் என்கோடர் என்ற பகுதி அவற்றைச் சுருக்குகிறது. ஒரு முழுப் படத்தை வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த ஃபிரேம்களில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. முழுப் படத்துக்குக் கீஃபிரேம் என்று பெயர். யூடியூப் இதை 2 நொடிக்கு ஒன்றாக அனுப்பச் சொல்கிறது; 4 நொடியைத் தாண்டக் கூடாது என்கிறது. இடையில் வருபவை எல்லாம் மாற்றக் குறிப்புகள். இப்படிச் சுருங்கிய பிறகு நொடிக்கு எத்தனை பிட் வெளியே போகிறது என்பதே பிட்ரேட். அன்று நான் வைத்திருந்தது 6000 கிலோபிட்.

சுருக்கிய ஃபிரேம்கள் உடனே வெளியே பறந்துவிடுவதில்லை. ஒரு சிறிய தொட்டியில் வரிசையாக நின்று இணையத்துக்குள் போகின்றன. யூடியூபுக்கு அனுப்பப் பெரும்பாலும் பயன்படும் ஆர்டிஎம்பி முறையில், வழியில் ஒரு துண்டு தொலைந்தால் அது மறுபடி அனுப்பப்படும். ஆகவே பாதை நெரிசலானால் தரவு தொலைவதில்லை, தாமதமாகிறது. தாமதமானால் தொட்டி நிரம்புகிறது. உள்ளே 30 வந்து வெளியே 20தான் போகிறது என்றால் வரிசை நீண்டுகொண்டே போகும். நேரலை நேரலையாக இருக்காது.

அப்போது ஓபிஎஸ் ஒரு முடிவெடுக்கிறது. வரிசையில் தேங்கியது ஏறத்தாழ 0.7 நொடியைத் தாண்டினால், இருப்பதிலேயே முக்கியம் குறைந்த மாற்றக் குறிப்புகளைத் தூக்கிப் போடுகிறது. 0.9 நொடியைத் தாண்டினால் மற்றக் குறிப்புகளையும் போட்டுவிட்டு, அடுத்த கீஃபிரேம் வரும்வரை காத்திருக்கிறது. டிராப்டு ஃபிரேம் என்பது இதுதான். பெயரைக் கேட்டால் வழியில் எங்கோ தவறி விழுந்தது போலத் தோன்றும். உண்மையில் பாதை அடைத்திருப்பதைப் பார்த்து, அனுப்புகிறவரே இறக்கிவிட்ட சுமை அது.

இறக்கிவிடுவது படத்தை மட்டுமே, ஒலியை அல்ல. ஒலிக்கு வேண்டியது நொடிக்கு 128 அல்லது 160 கிலோபிட். படத்தோடு ஒப்பிட்டால் அற்பம். ஆகவே நெரிசலில் மேளம் தடையில்லாமல் போய்ச் சேரும், படம் உறையும். பார்ப்பவர் வீட்டு இணைப்பு மோசமாக இருந்தால் ஒலியும் படமும் சேர்ந்தே நின்று, நடுவில் வட்டம் சுற்றும். டொராண்டோ அத்தை சொன்னது முதல் வகை. 'சத்தம் வருது, படம் நிக்குது' என்று ஒருவர் சொன்னால், மண்டபத்திலிருந்து வெளியே போகும் பாதையை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சரி, 0.6 சதவீதம் என்று காட்டியதே? அந்த எண் நேரலை தொடங்கிய நொடியிலிருந்து கணக்கிடப்படுவது. காலை 7.30க்குத் தொடங்கினேன். தாலி கட்டியது 9.40 அளவில். 130 நிமிடம், நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் மொத்தம் 2,34,000 ஃபிரேம்கள். அதில் தவறியவை 1,404. வகுத்தால் 0.6 சதவீதம் சரியாக வருகிறது. ஆனால் அந்த 1,404ம் இரண்டு மணி நேரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகவில்லை. கெட்டிமேளம் தொடங்கியதிலிருந்து அட்சதை விழும்வரை சுமார் மூன்று நிமிடத்துக்குள் போயின. மூன்று நிமிடத்தில் இருப்பது 5,400 ஃபிரேம். அதில் 1,404 என்றால் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். நேரமாகச் சொன்னால் கிட்டத்தட்ட 47 நொடிப் படம். ஒரு தாலி கட்ட அவ்வளவு நேரம்கூட ஆகாது.

நேரலை நீள நீள அந்தச் சதவீதம் இன்னும் சாதுவாகிவிடும். 10.30க்கு நிறுத்தியபோது ஓபிஎஸ் தன் பதிவேட்டில் எழுதியது இப்படி இருந்தது:

```
Output 'simple_stream': Number of dropped frames due to insufficient bandwidth/connection stalls: 1404 (0.4%)
```

அதே 1,404, இப்போது 0.4 சதவீதம். எனவே நான் இப்போது சதவீதத்தைப் பார்ப்பதே இல்லை. அதற்குப் பக்கத்தில் உள்ள எண்ணிக்கை நகர்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். அது 300 என்று அரை மணி நேரமாக அசையாமல் நின்றால் பிரச்சினை கடந்துபோய்விட்டது. 300, 340, 410 என்று கண்ணெதிரே ஓடினால் சதவீதம் 0.1 ஆக இருந்தாலும் யாரோ ஒருவருக்குப் படம் நின்றுகொண்டிருக்கிறது. `View` மெனுவில் `Stats` என்றொரு சாளரம் உண்டு. அதில் உள்ள `Reset` பொத்தானை முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு அழுத்திவிட்டால், பழைய கணக்கு அழிந்து புதுக் கணக்கு தொடங்கும்.

அந்த `Stats` சாளரத்திலேயே ஒரு குழப்பமும் இருக்கிறது. ஃபிரேம் இழப்பு அங்கே மூன்று இடத்தில் எழுதியிருக்கும். மூன்றும் வெவ்வேறு நோய்கள். கீழே நேரலை வரிசையில் `Dropped Frames` என்று இருப்பதுதான் நாம் இதுவரை பேசிய இணைய நெரிசல். மேலே `Skipped frames due to encoding lag` என்று இருப்பது, மடிக்கணினியால் சுருக்கும் வேலையை நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை என்பது. `Frames missed due to rendering lag` என்பது அதற்கும் முந்தைய கட்டம்: கேமராப் படம், பெயர்ப்பலகை, பூ வேலைப்பாட்டுச் சட்டம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்க கிராஃபிக்ஸ் பகுதி திணறுகிறது என்று பொருள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 33 மில்லிநொடிதான் கெடு. அதற்குள் முடியாத ஃபிரேம் பிறக்காமலே போகிறது.

பின்னால் சொன்ன இரண்டுக்கும் இணையத்தோடு சம்பந்தமே இல்லை. பிட்ரேட் 6000லேயே நிற்கும், `Dropped Frames` பூஜ்யமாக இருக்கும், படம் மட்டும் வெட்டி வெட்டிப் போகும். அந்த நேரத்தில் மண்டப மேலாளரைப் பிடித்து வைஃபை பற்றிச் சண்டை போடுவதில் பயனில்லை. சார்ஜர் கழன்று மடிக்கணினி மின்சேமிப்புக்குப் போய்விட்டதா, வெயிலில் சூடாகிவிட்டதா, பின்னணியில் வேறு ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியும் அடங்கவில்லை என்றால் என்கோடர் அமைப்பில் `veryfast` என்று இருப்பதை `superfast` ஆக்கலாம், அல்லது சுருக்கும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பில் உள்ள என்கோடருக்கு மாற்றலாம். படத்தின் தரம் சற்றுக் குறையும், ஓட்டம் சீராகும்.

இனி பிட்ரேட். அது எவ்வளவு குறைந்தது என்பதைவிட எப்படிக் குறைந்தது என்று கவனிப்பதுதான் பயன் தரும். மண்டபங்களில் நான் பார்த்தவரை மூன்று விதமாக அது விழுகிறது.

ஒன்று, தொடக்கத்திலிருந்தே எட்டாமல் இருப்பது. 6000 வைத்தால் 3500ஐத் தாண்டவே தாண்டாது. அந்த இணைப்பின் அப்லோடு வேகமே அவ்வளவுதான். இணைப்பு தருகிறவர் சொல்லும் பெரிய எண் பெரும்பாலும் டவுன்லோடு வேகம். நேரலைக்கு அதனால் பயன் ஏதும் இல்லை. சில இணைப்புகளில் 50 மெகாபிட் இறங்கும், 5 மெகாபிட்தான் ஏறும். இந்த நிலையில் ஒரே வழி, அளந்த அப்லோடு வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமல் பிட்ரேட்டை வைப்பது. அதற்கேற்ப 1080 அளவை 720க்கு இறக்குவது. 1080ஐக் குறைந்த பிட்ரேட்டில் அனுப்பினால், ஆட்கள் அசையும்போதெல்லாம் படம் கட்டம் கட்டமாகச் சிதறும். அதற்கு 720 நன்றாகவே இருக்கும்.

இரண்டாவது, ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போவது. 6000, 4100, 5800, 2200. பாதையை வேறு யாரோ பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதற்கு அடையாளம் இது. அன்று எனக்கு நடந்தது இதுதான். முந்தின நாள் மாலை, காலி மண்டபத்தில் அளந்தபோது அப்லோடு 18 மெகாபிட் வந்தது. மனநிறைவோடு படுத்தேன். மறுநாள் அதே வைஃபையில் நூற்றுக்கணக்கான கைபேசிகள். அவை சும்மா இருந்தபோது தொல்லை இல்லை. தாலி கட்டும் நேரத்தில் எல்லாரும் படம் பிடித்தார்கள், பிடித்த கையோடு வாட்ஸ்அப்பில் ஏற்றினார்கள். ஏற்றுவது என்றால் அப்லோடு. கல்யாணத்தில் எந்த நிமிடத்தில் நேரலை மிகவும் தேவையோ, அதே நிமிடத்தில்தான் மண்டபமே அந்தப் பாதையில் ஏறுகிறது. மைதானத்தில் கோல் விழும்போதும் கோபுரக் கலசத்தில் புனித நீர் ஊற்றும்போதும் இதுவே நடக்கும். காலி இடத்தில் எடுத்த அளவை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

மூன்றாவது, மலையுச்சியிலிருந்து விழுந்தது போல ஒரே வீழ்ச்சி. 6000ல் போய்க்கொண்டிருந்தது சட்டென்று பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழுந்து, பிறகு எழவே எழாது. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் நேரலை நடத்துபவர்களுக்கு இது பழகிய துக்கம். 6000 கிலோபிட் என்றால் நொடிக்கு முக்கால் மெகாபைட், மூன்று மணி நேரத்துக்கு 8 ஜிபிக்கு மேல். தினம் 2 ஜிபி தரும் ரீசார்ஜ் 45 நிமிடத்துக்குள் தீரும். தீர்ந்தபின் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கும். அது ஒலிக்கே போதாது. `Stats` சாளரத்தில் `Total Data Output` என்ற வரி இதுவரை எவ்வளவு போயிற்று என்று காட்டும். வீழ்ச்சி நடந்தபோது அந்த எண் 2 ஜிபிக்குச் சற்றுக் கீழே நின்றிருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஏறி இறங்கும் வகையில் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்: நெரிசல் மண்டபத்துக்குள்ளேயா, வெளியேயா? இதற்குச் சுலபமான சோதனை உண்டு. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ரவுட்டரின் முகவரிக்குப் பிங் அனுப்ப வேண்டும். பல ரவுட்டர்களின் முகவரி இதுதான்:

```
ping -t 192.168.1.1
```

ரவுட்டர் சில அடி தூரத்தில் இருக்கிறது. பதில் ஒன்றிரண்டு மில்லிநொடியில் வர வேண்டும். அதுவே 200, 500 என்று தாவினால் கெடுதி வைஃபை அலையில் இருக்கிறது. ஒரு லேன் கேபிள் இழுத்து மடிக்கணினியை நேரடியாக ரவுட்டரில் செருகினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ரவுட்டரின் பதில் சீராக வந்தும் பிட்ரேட் ஆடினால், அடைப்பு ரவுட்டருக்கு அப்பால். கேபிளால் அதற்குப் பயனில்லை. விருந்தினர் வைஃபையை அணைக்கச் சொல்லலாம், அல்லது வேறு நிறுவனத்தின் சிம் உள்ள கைபேசியை யூஎஸ்பி வழியாக இணைத்து மாறலாம். மாறும்போது நேரலை சில நொடி அறுந்து, ஓபிஎஸ் தானே மறுபடி இணையும். இதற்கு முன்னால் யூடியூபில் `Enable Auto-stop` என்ற அமைப்பை அணைத்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வரவு நின்றதும் நிகழ்ச்சி முடிந்தது என்று யூடியூப் மூடிவிடக்கூடும். வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு அனுப்பிய இணைப்பு பயனற்றுப் போகும்.

யூடியூப் பக்கத்து எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். அன்று என்னை ஏமாற்றியதில் அதற்கும் பங்கு உண்டு. 1080 அளவில் நொடிக்கு 30 ஃபிரேமுக்கு யூடியூப் பரிந்துரைப்பது 10 மெகாபிட். நான் அனுப்பியது 6. அதனால் காலை 7.30லிருந்தே, உங்கள் பிட்ரேட் பரிந்துரையைவிடக் குறைவு என்ற அறிவிப்பு மஞ்சளாக நின்றுகொண்டிருந்தது. நான் தெரிந்தே குறைத்து வைத்ததைத்தான் அது சொல்கிறது. படத்துக்கு அதனால் உடனடி ஆபத்து இல்லை. ஆனால் இரண்டு மணி நேரம் ஒரே மஞ்சளைப் பார்த்துப் பழகிய கண், 9.40க்கு அதே இடத்தில் வந்த வேறொரு வாசகத்தைத் தாண்டிப் போய்விட்டது:

```
YouTube is not receiving enough video to maintain smooth streaming. As such, viewers will experience buffering.
```

முதல் அறிவிப்பு நாம் வைத்த அளவைப் பற்றியது. இரண்டாவது, வர வேண்டியது வந்து சேரவில்லை என்பது. பார்க்கிறவர்களுக்குப் படம் நிற்கும் என்று அதுவே சொல்லிவிடுகிறது. எது வந்தது என்று வரியைப் படித்தால்தான் தெரியும், நிறத்தைப் பார்த்தால் தெரியாது. இப்போதெல்லாம் முதல் அறிவிப்பே வராதபடி 720 அளவில் 4000 கிலோபிட் வைக்கிறேன். அந்த அளவுக்கு யூடியூப் கேட்பதும் 4 மெகாபிட்தான். திரை சுத்தமாக இருக்கிறது. மஞ்சள் வந்தால் அது புதிய செய்தி.

இதில் ஒரு பொறியும் உண்டு. ஓபிஎஸ் அமைப்புகளின் `Advanced` பகுதியில் `Dynamically change bitrate to manage congestion` என்று ஒரு வரி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், நெரிசல் வரும்போது ஃபிரேம்களைத் தூக்கிப் போடாமல் பிட்ரேட்டை இறக்கிச் சமாளிக்கும். படம் மங்கும், ஆனால் நிற்காது. கல்யாணத்துக்கு அது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. மங்கலாகவாவது அத்தை தாலியைப் பார்த்திருப்பார். ஆனால் அதை இயக்கியபின் `Dropped Frames` பூஜ்யமாகவே இருக்கிறதே என்று நிம்மதியாக உட்கார முடியாது. நெரிசலின் ஒரே தடயம் அப்போது பிட்ரேட்டில்தான் இருக்கும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் முதலில் திறந்தது வன்தட்டில் இருந்த பதிவை. நேரலையோடு சேர்த்து ஓபிஎஸ்ஸிலேயே `Start Recording` அழுத்தி வைத்திருந்தேன். ஃபிரேம்களை இறக்கிவிடுவது அனுப்பும் வாசலில் நடப்பது; வன்தட்டுக்குப் போகும் பிரதி அந்த வாசலுக்கு வருவதே இல்லை. மடிக்கணினி திணறியிருந்தால் பதிவிலும் படம் வெட்டியிருக்கும். 9.38க்கு நகர்த்தி ஓடவிட்டேன். ஒரு வெட்டுகூட இல்லை. கெட்டிமேளம், மாப்பிள்ளையின் கை, மூன்றாவது முடிச்சுப் போடக் குனிந்த நாத்தனார், எல்லாம் சீராக இருந்தன. இணையம்தான் காரணம் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அந்த மூன்று நிமிடத்தை மட்டும் வெட்டியெடுத்து மணப்பெண்ணின் தம்பிக்கு அனுப்பினேன். "அத்தை வீட்டு இன்டர்நெட் இல்ல தம்பி, இங்கதான் பிரச்சினை. அவங்ககிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடு" என்று அதன் கீழே எழுதினேன். டொராண்டோவில் அப்போது காலை.